ஆபீஸ் மெயில் கணக்கு வேறு யார் கையிலோ இருக்கிறது: ஐ.டி. டீமுக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

பின்னல்நகர் | வியாழன், காலை 10:48

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஜூனியர் கிளார்க்காக இருக்கிறேன். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, நாங்கள் வழக்கமாகச் சரக்கு அனுப்பும் ஃபார்வர்டரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீதைத்தான் பி.எல். என்போம், 'திருத்திய பி.எல். காப்பி' என்று ஒரு லிங்க் இருந்தது. அழுத்தினேன். எங்கள் கம்பெனி லோகோவோடு வழக்கமான மைக்ரோசாஃப்ட் லாகின் பக்கம் வந்தது. பாஸ்வேர்டு போட்டேன். பிறகு ஒரு மங்கலான பி.டி.எஃப். வந்தது, திறக்கவில்லை. வேலை மும்முரத்தில் அப்படியே விட்டுவிட்டேன்.

இன்று காலை சாயப்பட்டறையிலிருந்து போன். "நீங்கள் அனுப்பிய ஃபைல் திறக்க மாட்டேன் என்கிறதே" என்றார்கள். நான் எதையும் அனுப்பவில்லை. Sent Items-இலும் ஒன்றும் இல்லை. பயந்துபோய் உடனே பாஸ்வேர்டை மாற்றினேன். அந்த ஃபார்வர்டர் மெயிலையும் அழித்துவிட்டேன்.

மேனேஜர் சாரிடம் சொன்னேன். "வாயால் சொல்லிக்கொள்ளலாம், எழுத்தில் ஒன்றும் கொடுக்காதே" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஐ.டி. டீமில் இருவரும் தமிழ் ஆட்கள்தான், அதனால் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். என் மெயிலில் இருந்து அனுப்பலாமா?

> ஐயா, என் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிட்டது போல் தெரிகிறது. தெரியாமல் ஒரு லிங்கை அழுத்திவிட்டேன். மன்னிக்கவும். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். இது முழுக்க என் கவனக்குறைவால் நடந்தது. இனி இப்படி நடக்காது என்று உறுதி கூறுகிறேன். ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

---

சிங்காநல்லூரான் | காலை 10:55

பயப்படாதே மா. பாஸ்வேர்டை மாற்றியாகிவிட்டது அல்லவா, அவன் வெளியே போய்விட்டான். இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். மிஷினை ஒரு முறை ஃபார்மட் போட்டுவிடச் சொல், ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் ஓட்டச் சொல். அதே பாஸ்வேர்டை வேறு எங்காவது வைத்திருந்தால் அங்கேயும் மாற்றிவிடு. கடிதம் நன்றாகத்தான் இருக்கிறது, கொடுத்துவிடு.

---

பழைய சர்வர் அறை | காலை 10:58

தங்கச்சி, கடிதம் அப்புறம். முதலில் போனை எடுத்து ஐ.டி. ஆட்களைக் கூப்பிடுங்கள். "என் கணக்கில் வேறு ஒருவர் இருக்கிறார், செஷன்களை எல்லாம் வெட்டுங்கள்" என்று இந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு இங்கே வாருங்கள்.

உங்கள் மெயிலில் இருந்து எதையும் அனுப்ப வேண்டாம். இப்போது அந்தப் பெட்டியை உங்களோடு சேர்ந்து அவனும் படிக்கிறான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை அச்செடுத்துக் கையில் கொடுங்கள், இல்லையென்றால் பக்கத்து சீட்டில் இருப்பவரின் மெயிலில் இருந்து போகட்டும்.

ஃபார்மட் மட்டும் போட்டுவிடாதீர்கள். காரணத்தை விவரமாக எழுதுகிறேன்.

---

தாமிரபரணிக்கரை | காலை 11:03

சகோதரி, உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள்! என் அப்பாவுக்கு கே.ஒய்.சி. என்று ஒரு லிங்க் வந்து, பென்ஷன் கணக்கில் இருந்து பணம் போய்விட்டது. அரை மணி நேரத்தில் கூப்பிட்டதால் ஒரு பகுதியை நிறுத்திவைக்க முடிந்தது. உங்கள் கணக்கில் எவ்வளவு போனது? ஏ.டி.எம். கார்டையும் பிளாக் செய்துவிடுங்கள்.

---

ஏற்றுமதி அக்கா | காலை 11:06

தாமிரபரணி தம்பி, அவள் சொல்வது மெயில் கணக்கு, பேங்க் கணக்கு இல்லை. ஆனால் நீங்கள் பணத்தை நினைத்துப் பயந்தது சரிதான். அக்கவுண்ட்ஸ் பெண்ணின் மெயிலுக்குள் ஒருவன் நுழைந்தால் அவன் பணத்துக்காகத்தான் வருவான்.

பின்னல்நகர், நான் இதே தொழிலில் பதினாறு வருடமாக டாக்குமென்ட்ஸும் பேமென்ட்டும் பார்க்கிறேன். ஒன்று கேட்கிறேன். நேற்று, இன்று உங்கள் பையர்களிடமிருந்து மெயில் வந்ததா? வழக்கத்தைவிடக் குறைவாக வந்ததா?

---

பின்னல்நகர் | காலை 11:11

போன் போட்டேன் அண்ணா. ஒருவர் லீவு. இன்னொருவர் பெருமாநல்லூர் யூனிட்டில் இருக்கிறார், முக்கால் மணி நேரத்தில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். "பாஸ்வேர்டு மாற்றியாச்சு இல்லையா" என்று அவரும் அதையேதான் கேட்டார்.

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் கவனிக்கிறேன். நேற்று மதியத்துக்குப் பிறகு எந்த பையரிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. புதன்கிழமை எப்போதும் ஜெர்மனி ஆட்கள் பேமென்ட் லிஸ்ட் அனுப்புவார்கள்.

---

ஏற்றுமதி அக்கா | காலை 11:13

பிரவுசரில் மெயிலைத் திறந்து Settings, அதில் Mail, அதில் Rules போய்ப் பார். வரும் மெயிலைத் தானாக வேறு இடத்துக்குத் தள்ளும் ரூல், நீ போடாதது ஏதாவது இருக்கிறதா?

---

பின்னல்நகர் | காலை 11:21

இருக்கிறது அக்கா. கை நடுங்குகிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு புள்ளிதான் இருக்கிறது. போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

```
.
Subject or body includes: invoice, payment, bank, swift
Mark as read
Move to: RSS Feeds
Stop processing more rules
```

அந்த RSS Feeds ஃபோல்டரை நான் இதுவரை திறந்ததே இல்லை. உள்ளே ஒன்பது மெயில்கள், எல்லாமே படித்ததாகக் காட்டுகின்றன. ஒன்று ஜெர்மனி பையர் நேற்று மாலை அனுப்பியது. புது பேங்க் விவரம் கிடைத்தது, ஆனால் பெனிஃபிஷியரி பெயர் உங்கள் கம்பெனி பெயரோடு ஒத்துப்போகவில்லை, உறுதி செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். 38,400 யூரோ. நாங்கள் பேங்க் எதையும் மாற்றவே இல்லை.

இந்த ரூலை அழித்துவிடட்டுமா?

---

பழைய சர்வர் அறை | காலை 11:24

அழிக்காதீர்கள். எப்போது, எங்கிருந்து போட்டான் என்பதற்கு அது சாட்சி.

---

ஏற்றுமதி அக்கா | காலை 11:26

அண்ணா, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது ஓடிக்கொண்டே இருந்தால் அடுத்து வரும் மெயிலும் மறைந்துபோகும். அவளுக்கு இப்போது பையர் பதில் கண்ணில் படுவதுதான் முக்கியம். படம் எடுத்தாயிற்று, அழிக்கட்டும்.

---

பழைய சர்வர் அறை | காலை 11:29

அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ரூலுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதை ஆஃப் மட்டும் செய்யட்டும், ரூல் அங்கேயே கிடக்கட்டும். ஆஃப் செய்தால் நாம் கண்டுபிடித்தது அவனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் பாஸ்வேர்டு மாறியபோதே அது தெரிந்திருக்கும்.

---

ஏற்றுமதி அக்கா | காலை 11:31

சரி, ஆஃப் செய். இப்போது வேறு எதையும் பார்க்காதே. ஜெர்மனி பையருக்குப் போன் போட வேண்டும். அந்த மெயிலின் அடியில் இருக்கும் நம்பருக்குப் போடாதே. பழைய பர்ச்சேஸ் ஆர்டரை எடுத்து அதில் அச்சடித்திருக்கும் நம்பருக்குப் போடு. நமக்கு மதியம் 12:30 ஆனால்தான் அங்கே காலை 9. அதுவரை மேனேஜரிடம் அந்த மெயிலைக் காட்டு. இது நீ தனியாகப் பேச வேண்டிய போன் இல்லை, அவரும் கூட இருக்க வேண்டும்.

---

பழைய சர்வர் அறை | காலை 11:44

அவர் பையரைப் பார்க்கும் நேரத்தில் மற்றதை எழுதிவிடுகிறேன். ஒரு மில் குழுமத்தில் பதினான்கு வருடம் ஐ.டி. பார்த்தேன், இப்படிப்பட்ட கடிதங்களை வாங்கும் நாற்காலியில் இருந்தவன். உங்கள் கடிதம் என் மேஜைக்கு வந்திருந்தால் என்னால் ஒரு வேலையும் தொடங்கியிருக்க முடியாது. 'வைரஸ்' என்று இருப்பதால் உங்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். சிங்காநல்லூரார் சொன்னதைப் போலவே ஃபார்மட்டும் போட்டிருப்பேன். திருடன் இருப்பது அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, உங்கள் மெயில் கணக்கில். லிங்க் அழுத்திய நேரமும் முகவரியும் உங்கள் பிரவுசர் ஹிஸ்டரியில் இருக்கின்றன, ஃபார்மட் போட்டால் அதுவும் போய்விடும்.

உங்கள் லோகோவோடு வந்த அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். இப்போது வரும் திருட்டுப் பக்கங்கள் பல வெறும் நகல் இல்லை. நடுவில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் தட்டுவதை உண்மையான மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பி, அது காட்டுவதை உங்களுக்குக் காட்டும். அதனால்தான் உங்கள் லோகோவே வந்தது. பாஸ்வேர்டு மட்டும் கேட்டதா, போனில் ஆத்தென்டிகேட்டர் ஆப் இரண்டு இலக்க நம்பர் கேட்டதா? கேட்டு, நீங்களும் போட்டிருந்தால், நடுவில் இருந்தவனுக்குப் பாஸ்வேர்டோடு சேர்ந்து உள்ளே நுழைந்த சீட்டே கிடைத்திருக்கும். கோயிலில் கட்டணச் சீட்டு வாங்கியவரை உள் வாசலில் மறுபடியும் பெயர் கேட்க மாட்டார்கள் அல்லவா, அதுபோலத்தான்.

பாஸ்வேர்டை மாற்றினால் சில செஷன்கள் விழும். எல்லாமே விழுந்துவிட்டது என்று நம்ப முடியாது, அது கம்பெனி கணக்கை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ரூல் விழவே விழாது, அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். உள்ளே இருந்த நேரத்தில் அவன் தன்னுடைய போனையும் உங்கள் கணக்கில் சேர்த்திருந்தால், நீங்கள் எத்தனை பாஸ்வேர்டு மாற்றினாலும் 'மறந்துவிட்டேன்' என்று சொல்லி அவனே புதிதாக ஒன்று வைத்துக்கொள்ள வழி இருக்கிறது, அந்த வசதி உங்கள் கம்பெனியில் திறந்திருந்தால். `mysignins.microsoft.com` போய் Security info பாருங்கள். உங்கள் போனைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் படம் எடுங்கள்.

ஐ.டி. தம்பிக்கு இதைக் காட்டுங்கள், அவருக்குப் புரியும்:

```
Revoke-MgUserSignInSession -UserId user@example.com
Get-InboxRule -Mailbox user@example.com -IncludeHidden
```

இரண்டாவது வரியில் அந்தக் கடைசிச் சொல் வேண்டும். சில ரூல்களை அவுட்லுக்கில் தெரியாதபடி மறைத்துவைக்கிறார்கள்.

---

சிங்காநல்லூரான் | காலை 11:52

நம்பர் போடும் முறை வந்த பிறகு அது பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதத்தில் எல்லோருக்கும் கட்டாயமாக்கியதே?

---

பழைய சர்வர் அறை | காலை 11:57

ஆமாம். நீங்கள் கேட்காமலேயே போனில் 'அனுமதிக்கவா' என்று அடித்துக்கொண்டே இருந்தார்களே, அந்த வகைத் திருட்டுக்கு அது பெரிய தடை. இங்கே கதை வேறு. லாகினை அவரே தொடங்குகிறார், நம்பர் உண்மையான மைக்ரோசாஃப்டிலிருந்து வருகிறது, நடுவில் இருப்பவன் அதை அப்படியே திரையில் காட்டுகிறான், அவரும் போனில் போடுகிறார். இதைத் தடுக்க வேண்டுமென்றால் முகவரியையே சரிபார்க்கும் பாஸ்கீ மாதிரி ஒன்று வேண்டும். அது கம்பெனி எடுக்க வேண்டிய முடிவு, இந்தக் கடிதத்துக்கு வெளியே.

நீங்கள் சொன்ன இன்னொன்று சரி. அதே பாஸ்வேர்டு வேறு எங்கே இருக்கிறது என்பது கடிதத்தில் கட்டாயம் வர வேண்டும்.

---

பின்னல்நகர் | மதியம் 12:58

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஐ.டி. அண்ணா 11:48-க்கு என் கணக்கையே முடக்கிவிட்டார், செஷன்களையும் வெட்டிவிட்டார். அதற்குள் Security info பார்த்துவிட்டேன். என் போனோடு இன்னொரு ஆத்தென்டிகேட்டரும் இருந்தது. படம் எடுத்திருக்கிறேன்.

ஜெர்மனிக்கு மேனேஜர் சார்தான் பேசினார். நாளை வெள்ளிக்கிழமை போக வேண்டிய பேமென்ட்டாம், நிறுத்திவிட்டார்கள். பெயர் ஒத்துப்போகாததால் அவர்களே தயங்கிக்கொண்டுதான் இருந்தார்களாம். டென்மார்க் பையர் ஒருவர் போனை எடுக்கவில்லை. அவர்களுக்கு இவன் ஏதாவது அனுப்பினானா என்பதே தெரியவில்லை.

அண்ணா, நம்பர் கேட்டது உண்மைதான், போட்டேன். அப்போது ஒரு சின்ன மேப் வந்தது. ஊர் திருப்பூர் இல்லை என்பது நினைவிருக்கிறது. எப்போதுமே சென்னை, பெங்களூர் என்று மாற்றி மாற்றிக் காட்டும், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது கடிதத்தை முழுவதும் மாற்றி எழுதப்போகிறேன். இன்னொரு கேள்வி. நான் மெயிலை அழித்ததை எழுத வேண்டுமா? ஷிஃப்ட் டெலீட் போட்டுவிட்டேன். அதைச் சொன்னால் ஆதாரத்தை மறைத்தேன் என்று நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

---

பழைய சர்வர் அறை | மதியம் 1:07

எழுதுங்கள், நேரத்தோடு எழுதுங்கள். அந்த மெயில் போய்விடவில்லை. ஷிஃப்ட் டெலீட் செய்தாலும் சர்வரில் மாற்றாமல் விட்டிருந்தால் 14 நாள் இருக்கும், ஐ.டி. ஆட்கள் எடுத்துவிடுவார்கள். நீங்கள் சொல்லாமல் விட்டால், மெயிலை அழித்தது அவனா நீங்களா என்று தேடி அரை நாள் போகும். மெயிலைத் திருடனும் அழிப்பான். Sent Items காலியாக இருந்தது அப்படித்தான்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. ஆடிட் லாக் யு.டி.சி. நேரத்தில் இருக்கும். உதாரணமாக, நம் காலை 11:24 என்பது அதில் 05:54. அதனால் கடிதத்தில் 'இந்திய நேரம்' என்று ஒரு முறை குறிப்பிட்டுவிடுங்கள். அதோடு, விலை குறைந்த சந்தாவாக இருந்தால் சைன்-இன் லாக் ஏழு நாள்தான் இருக்கும். செவ்வாயில் இருந்து எண்ணினால் வரும் செவ்வாய்க்குள் எடுத்துவைக்க வேண்டும். இதை ஐ.டி. தம்பியிடம் இன்றே சொல்லுங்கள்.

---

வேலைச்சட்டம் | மதியம் 1:22

ஓய்வுபெற்ற பர்சனல் ஆபீசர் நான். விசாரணைக் கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கடிதத்தில் 'முழுக்க என் கவனக்குறைவால்' என்ற வரியை எடுத்துவிடுங்கள் மகளே. உங்கள் வேலை நடந்ததைச் சொல்வது. கவனக்குறைவா இல்லையா என்று முடிவு செய்வது வேறு ஒருவர் வேலை. அந்த வரி கோப்பில் ஏறிவிட்டால், பிறகு உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். வந்த மெயில் உண்மையான ஃபார்வர்டரின் முகவரியில் இருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள், அது உண்மையாக இருந்தால்.

மேனேஜர் எழுத்தில் கொடுக்காதே என்றதைக் கடிதத்தில் எழுத வேண்டாம். ஆனால் அவரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று ஒரு வரி இருக்கட்டும்.

---

ஏற்றுமதி அக்கா | மதியம் 1:30

ஐயா, அந்த வரியை மொத்தமாக எடுத்தால் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறாள் என்று எங்கள் மாதிரிக் கம்பெனிகளில் நினைப்பார்கள். முதலாளி படிப்பார். ஒரே ஒரு வரி வருத்தம் இருக்கட்டும் என்பேன்.

---

வேலைச்சட்டம் | மதியம் 1:36

வருத்தம் வேறு, ஒப்புதல் வாக்குமூலம் வேறு அம்மா. நான் சொன்னதில் மாற்றம் இல்லை. முடிவு அவருடையது.

இன்னொன்று, ஐ.டி. ஆட்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவின்படி, இப்படிப்பட்ட சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் கம்பெனி அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அது கம்பெனியின் கடமை, கிளார்க்கின் கடமை இல்லை. ஆனால் ஆறு மணி நேரம் எப்போதிலிருந்து என்று கேட்டால், சாயப்பட்டறை போன் வந்ததாக உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதும் நேரத்தைத்தான் பார்ப்பார்கள்.

---

தாமிரபரணிக்கரை | மதியம் 1:41

நான் அவசரப்பட்டு வேறு மாதிரி புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். அப்படியானால் 1930 இதற்குத் தேவை இல்லையா?

---

ஏற்றுமதி அக்கா | மதியம் 1:46

இங்கே ஒரு வியாபாரியோ பட்டறையோ அவன் கொடுத்த இந்தியக் கணக்குக்குப் பணம் அனுப்பியிருந்தால் உடனே தேவை தம்பி. வெளிநாட்டு பையர் வெளிநாட்டுக் கணக்குக்கே அனுப்பியிருந்தால், அந்தப் பையர் தன்னுடைய பேங்கைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அதனால்தான் டென்மார்க்கை விடாமல் கூப்பிடச் சொல்கிறேன். சாயப்பட்டறைக்கும் போன் போட்டு, அந்த ஃபைலைத் திறந்து யாராவது பாஸ்வேர்டு போட்டார்களா என்று கேள்.

---

பின்னல்நகர் | மதியம் 2:34

எழுதிவிட்டேன். பிரவுசர் ஹிஸ்டரியைப் பார்த்து நேரம் போட்டிருக்கிறேன். லிங்கை இங்கே மாற்றியிருக்கிறேன், கடிதத்தில் உண்மையானது இருக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள்.

> பொருள்: என் அலுவலக மெயில் கணக்கில் வேறு நபர் நுழைந்தது குறித்து
>
> ஐ.டி. பிரிவினருக்கு வணக்கம். காலை 11:02-க்குப் போனில் சொன்னதை எழுத்தில் தருகிறேன். கீழே உள்ள நேரங்கள் எல்லாம் இந்திய நேரம்.
>
> செவ்வாய் காலை 11:24-க்கு, நாம் வழக்கமாகத் தொடர்பில் இருக்கும் ஃபார்வர்டரின் முகவரியில் இருந்து வந்த மெயிலில் இருந்த லிங்கை, என் மேஜைக் கம்ப்யூட்டரில் அழுத்தினேன். நம் லோகோவுடன் லாகின் பக்கம் வந்தது. பாஸ்வேர்டு போட்டேன். போனில் வந்த ஆத்தென்டிகேட்டர் கேள்விக்குத் திரையில் இருந்த நம்பரைப் போட்டேன். மேப்பில் காட்டிய ஊர் திருப்பூர் இல்லை. எந்த ஊர் என்று நினைவில்லை. பிறகு ஒரு பி.டி.எஃப். தெரிந்தது. எதையும் டவுன்லோடு செய்யவில்லை. ஹிஸ்டரியில் உள்ள முகவரி:
>
> `hxxps://docs-share[.]example[.]com/view`
>
> வியாழன் காலை 9:40-க்கு சாயப்பட்டறையிலிருந்து வந்த போன் மூலம், என் பெயரில் நான் அனுப்பாத மெயில் போயிருப்பது தெரிந்தது. 9:50-க்கு மேனேஜரிடம் தெரிவித்தேன். 9:55-க்குப் பாஸ்வேர்டை மாற்றினேன். 10:05-க்கு அந்த ஃபார்வர்டர் மெயிலை நானே ஷிஃப்ட் டெலீட் செய்துவிட்டேன். அதை மீட்டெடுக்கக் கோருகிறேன். 11:21-க்குள், நான் போடாத ரூல் ஒன்றைக் கண்டேன். 11:32-க்கு அதை ஆஃப் மட்டும் செய்தேன், அழிக்கவில்லை. RSS Feeds ஃபோல்டரில் ஒன்பது மெயில்கள் உள்ளன. Security info-வில் என்னுடையது அல்லாத ஆத்தென்டிகேட்டர் ஒன்று உள்ளது. மூன்றின் படங்களும் இணைப்பில்.
>
> இதே பாஸ்வேர்டை கூரியர் கம்பெனி தளத்திலும் வைத்திருந்தேன். இன்று மதியம் மாற்றிவிட்டேன். என் மெயிலில் பையர்களின் இன்வாய்ஸ்கள், நமது பேங்க் விவரங்கள், மார்ச் மாதம் பி.எஃப். வேலைக்காக வந்த தொழிலாளர்களின் ஆதார் நகல்கள் உள்ளன. அக்கவுண்ட்ஸ் பொது ஃபோல்டரும் இந்தக் கணக்கில் திறக்கும்.
>
> என் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை, ஹிஸ்டரியை அழிக்கவில்லை. நீங்கள் பார்க்கும் வரை அப்படியே இருக்கும். அவன் எந்தெந்த முகவரிகளுக்கு மெயில் அனுப்பினான் என்ற பட்டியல் கிடைத்தால், பையர்களுக்கும் வியாபாரிகளுக்கும் போன் செய்ய உதவுகிறேன்.
>
> இது நடந்ததற்கு வருந்துகிறேன்.

---

பழைய சர்வர் அறை | மதியம் 2:49

இந்தக் கடிதம் வந்தால் நான் நாற்காலியை விட்டு எழுந்து வேலையைத் தொடங்கியிருப்பேன். ஆதார் நகல்கள் என்ற வரியைப் படித்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. அது கம்பெனிக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது, வேறு யாருக்கும் அது நினைவுக்கு வந்திருக்காது.

ஒரு சின்ன மாற்றம். 'எதையும் டவுன்லோடு செய்யவில்லை' என்பதை 'டவுன்லோடு செய்ததாக நினைவில்லை, Downloads ஃபோல்டரையும் பார்க்கவும்' என்று எழுதுங்கள். சிங்காநல்லூரார் சொன்ன ஸ்கேனுக்கு அப்போது ஒரு காரணம் இருக்கும், லாக் எல்லாம் எடுத்த பிறகு ஓட்டலாம்.

---

சிங்காநல்லூரான் | மதியம் 3:05

ஃபார்மட் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என் கடைக்கு வரும் இரண்டு ஆபீஸ்களிலும் இன்று ரூல்ஸ் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

---

பின்னல்நகர் | வெள்ளி, மாலை 6:20

ஐ.டி. அண்ணா இன்று லாக்கைக் காட்டினார். செவ்வாய் 11:26-க்கு என் பெயரில் ஒரு நுழைவு, வெளிநாட்டு முகவரியில் இருந்து. அந்த மேப் காட்டியது அதைத்தான். ரூல் போட்டது புதன் மதியம் 1:10. புதன் இரவு 11 மணியிலிருந்து 11:20-க்குள் 43 மெயில்கள் போயிருக்கின்றன, எல்லாமே என் காண்டாக்ட்டில் இருப்பவர்களுக்கு. அழித்த மெயில் கிடைத்துவிட்டது. அதை ஃபார்வர்டு செய்யாமல் ஃபைலாகவே எடுத்துவைத்தார், ஃபார்வர்டு செய்தால் எந்த வழியாக வந்தது என்ற தகவல் போய்விடுமாம்.

நேற்று மதியமே முதலாளி கடிதத்தை வாங்கிப் படித்தார். செர்ட்-இன்னுக்கு அனுப்பினார்களா, எப்போது அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. மேனேஜர் சார் என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. டென்மார்க் பையர் இன்று போனை எடுத்தார். அவர்களுக்கும் ஒரு மெயில் போயிருக்கிறது, ஆனால் அவர்கள் அக்கவுண்ட்ஸ் ஆள் திங்கள்தான் வருவாராம். பணம் போனதா இல்லையா என்பது அன்றுதான் தெரியும். ஃபார்வர்டர் ஆபீஸில், எங்கள் மெயிலில் எந்தப் பிரச்சினையும் இல்லை என்றே சொல்கிறார்கள்.

---

நொய்யல் கரை | வெள்ளி, இரவு 8:47

இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். நாங்களும் திருப்பூர்தான். 'திருத்திய பி.எல். காப்பி' என்ற பெயரில் எங்கள் ஷிப்பிங் பிரிவுக்கும் ஒரு மெயில் வந்திருக்கிறது, செவ்வாய் காலை 11:10. இப்போதுதான் பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பையன் திறந்ததாகச் சொல்கிறான்.

---

பழைய சர்வர் அறை | வெள்ளி, இரவு 8:51

மெயிலை அழிக்க வேண்டாம். அந்தத் தம்பி பாஸ்வேர்டு போட்டாரா? உங்கள் ஐ.டி. ஆளின் போன் நம்பர் இந்நேரத்துக்குக் கிடைக்குமா?